நாற்பது பேரில் 19 பேர் சரி: கேள்வி கஷ்டமா, கேள்வியே தப்பா?

2024 நீட் தேர்வின் இயற்பியல் பகுதியில் வந்த ஒரே ஒரு கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. அணுக்களைப் பற்றி இரண்டு கூற்றுகள். எது சரி, எது தவறு என்று சொல்ல வேண்டும். பழைய என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தைப் படித்தவர்கள் ஒரு விடையைத் தேர்ந்தார்கள், புதியதைப் படித்தவர்கள் வேறொன்றைத் தேர்ந்தார்கள். தேசியத் தேர்வு முகமை இரண்டு விடைக்கும் மதிப்பெண் கொடுத்தது. ஜூலையில் நீதிமன்றம் கேட்டுக்கொண்டதன்பேரில் டெல்லி ஐ.ஐ.டி.யின் மூன்று பேராசிரியர்கள் கேள்வியைப் பார்த்து, ஒரு விடைதான் சரி என்றார்கள். லட்சக்கணக்கானோரின் மதிப்பெண் மாறியது.

நாடு முழுக்க நடக்கும் தேர்வில் ஒரு கேள்வி பிசகினால் கேட்க ஆள் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். பத்தாம் வகுப்பு ‘பி’ பிரிவில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை நடந்த அலகுத் தேர்வில் ஒரு கேள்வி பிசகினால்? மாணவன் தயங்கித் தயங்கி எழுந்து, “மிஸ், இதுக்கு இதுவும் வரும்ல?” என்று கேட்பான். பல நேரம் அவன் எழுந்திருக்கவே மாட்டான். மதிப்பெண் பதிவேட்டில் ஏறும். அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் மாலை நேரச் சிறப்பு வகுப்புக்கு யார், முதல் வரிசையில் யார் என்ற பட்டியல் தயாராகும். கேள்வித்தாள் பீரோவுக்குள் போகும். அடுத்த வருஷம் அதே கேள்வி, அதே பிசகோடு, இன்னொரு வகுப்புக்கு வரும்.

இதைக் கண்டுபிடிக்க நீதிமன்றமும் வேண்டாம், பேராசிரியர் குழுவும் வேண்டாம். திருத்திய விடைத்தாள்களும் ஒரு மணி நேரமும் போதும். ‘கடினத்தன்மைக் குறியீடு’, ‘வேறுபடுத்தும் குறியீடு’ என்ற இரண்டு எண்கள்தான் விஷயம். பி.எட். படித்த ஆசிரியர் யாருக்கும் இந்தச் சொற்கள் புதிதில்லை. அந்தப் பரீட்சையோடு அவற்றை மறந்துபோகிறார்கள் என்பதுதான் சிக்கல். அதற்கு அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. பள்ளிகள் ஆசிரியரிடம் கேட்பது ஒவ்வொரு மாணவரின் மொத்த மதிப்பெண்ணை மட்டும்தான். 17-வது கேள்விக்கு எத்தனை பேர் என்ன எழுதினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

ஒரே எண், இரண்டு கதை

ஒரு வகுப்பை உதாரணமாக வைத்துக்கொள்ளலாம். 40 மாணவர்கள். ‘இயக்க விதிகள்’ பாடத்தில் 25 ஒரு மதிப்பெண் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. ஆனால் இதில் வரும் தவறுகள் எந்தப் பள்ளியிலும் நடக்கக்கூடியவை.

8-வது கேள்வி இது: 10 கிலோகிராம் நிறையுள்ள பெட்டியை 20 நியூட்டன் விசையால் தள்ளுகிறார்கள். உராய்வு விசை 5 நியூட்டன். முடுக்கம் எவ்வளவு? விடைகள்: (அ) 0.5 (ஆ) 1.5 (இ) 2 (ஈ) 2.5. சரியான விடை ஆ.

17-வது கேள்வி: சீரான வேகத்தில் செல்லும் பொருளின் மீது செயல்படும் தொகுபயன் விசை (அ) சுழி (ஆ) இயங்கும் திசையில் இருக்கும் (இ) எதிர்த் திசையில் இருக்கும் (ஈ) கொடுத்த தகவலை வைத்துக் கூற முடியாது. ஆசிரியையின் விடைக்குறிப்பில் இருப்பது அ.

இரண்டு கேள்விக்கும் 40 பேரில் 19 பேர் ‘சரியாக’ எழுதியிருக்கிறார்கள். 19-ஐ 40-ஆல் வகுத்தால் 0.475. இதுதான் கடினத்தன்மைக் குறியீடு. சரியாக எழுதியவர்களின் பங்கு; அவ்வளவுதான், வேறு சூத்திரம் எதுவும் கிடையாது. பெயர்தான் கொஞ்சம் ஏமாற்றும். எண் ஏற ஏறக் கேள்வி சுலபம் என்று அர்த்தம். 0.95 என்றால் கிட்டத்தட்ட எல்லோரும் போட்டுவிட்டார்கள், 0.15 என்றால் பெரும்பாலோர் கோட்டைவிட்டார்கள். ‘சுலபக் குறியீடு’ என்று பெயர் வைத்திருந்தால் குழப்பமே இருந்திருக்காது.

நான்கு விடைகள் உள்ள கேள்வியில் கண்ணை மூடிக்கொண்டு ‘இங்கி பிங்கி பாங்கி’ போட்டாலும் நாலில் ஒருவருக்குச் சரியாக வரும். அதனால் 0.25-க்கும் கீழே ஓர் எண் வந்தால், மாணவர்கள் வெறுமனே தெரியாமல் இருக்கவில்லை, ஏதோ ஒன்று அவர்களைத் தவறான விடையின் பக்கம் இழுத்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். அது பாடத்தில் உள்ள குழப்பமாக இருக்கலாம், விடைக்குறிப்பில் உள்ள பிழையாகவும் இருக்கலாம்.

நம் இரண்டு கேள்விகளுக்கு இந்தச் சந்தேகம் வராது. 0.475 என்பது பார்க்க நல்ல எண். ரொம்பச் சுலபமும் இல்லை, ரொம்பக் கஷ்டமும் இல்லை. இதோடு நிறுத்திக்கொண்டால் இரண்டும் ஒரே தரமான கேள்விகள் என்ற முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கும்.

யார் சரியாக எழுதினார்கள்?

அடுத்த எண் கேட்பது இதைத்தான். 40 விடைத்தாள்களையும் மொத்த மதிப்பெண் வரிசையில் அடுக்க வேண்டும். மேலே இருந்து 11 தாள்களை ஒரு கட்டாகவும், கீழே இருந்து 11 தாள்களை இன்னொரு கட்டாகவும் எடுத்துக்கொள்ள வேண்டும். நடுவில் உள்ள 18 தாள்களைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கலாம்.

ஏன் 11? நாற்பதில் 27 சதவீதம் 10.8. இந்த 27 என்ற எண் அமெரிக்கக் கல்வி அளவீட்டாளர் ட்ரூமன் கெல்லி 1939-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வருகிறது. இரண்டு கட்டுகளுக்கும் இடையே வித்தியாசம் நன்றாகத் தெரிய வேண்டுமானால் கட்டுகள் சின்னதாக, உச்சியும் அடியும் மட்டுமாக இருக்க வேண்டும். எண்ணிக்கையை நம்ப வேண்டுமானால் கட்டுகள் பெரிதாக இருக்க வேண்டும். இரண்டையும் சமாளிக்கிற இடம் ஏறக்குறைய 27 சதவீதம் என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். இது வேதவாக்கு இல்லை. வகுப்பில் 20 பேர்தான் என்றால், மேல் பாதி, கீழ் பாதி என்று பிரித்தாலும் தப்பில்லை.

இனி ஒவ்வொரு கேள்விக்கும், மேல் கட்டில் எத்தனை பேர் சரி, கீழ் கட்டில் எத்தனை பேர் சரி என்று எண்ண வேண்டும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து, ஒரு கட்டில் உள்ள ஆட்களின் எண்ணிக்கையால், அதாவது 11-ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது வேறுபடுத்தும் குறியீடு.

8-வது கேள்வி: மேல் கட்டில் 10 பேர் சரி, கீழ் கட்டில் 2 பேர் சரி. வித்தியாசம் 8. வகுத்தால் 0.73. பாடம் தெரிந்தவர்களையும் தெரியாதவர்களையும் இந்தக் கேள்வி தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது.

17-வது கேள்வி: மேல் கட்டில் 4 பேர் சரி, கீழ் கட்டில் 7 பேர் சரி. வித்தியாசம் மைனஸ் 3. வகுத்தால் மைனஸ் 0.27. மற்ற கேள்விகளில் தடுமாறியவர்கள் இதைச் சரியாக எழுதியிருக்கிறார்கள். மற்றவற்றில் வெளுத்து வாங்கியவர்கள் இதில் தவறியிருக்கிறார்கள். மைனஸ் எண்ணைப் பார்த்ததும் ஆசிரியர் முதலில் சந்தேகப்பட வேண்டியது மாணவர்களை இல்லை, கேள்வியை.

எல்லோரும் எங்கே போனார்கள்?

குறியீடு ஓர் அலாரம் மாதிரி. எங்கே புகைகிறது என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. ஏன் என்று தெரிய, இரண்டு கட்டுகளிலும் யார் எந்த விடையைத் தேர்ந்தார்கள் என்று எண்ண வேண்டும்.

17-வது கேள்விக்கு மேல் கட்டில் நான்கு பேர் அ எழுதியிருக்கிறார்கள். மீதி ஏழு பேரும் ஈ. கீழ் கட்டில் ஏழு பேர் அ, இரண்டு பேர் ஆ, ஒருவர் இ, ஒருவர் ஈ. நன்றாகப் படிக்கிற ஏழு பேர் ஆளுக்கொரு பக்கம் சிதறவில்லை. எல்லோரும் ஒரே தவறான விடையில் போய் நிற்கிறார்கள். தெரியாமல் ஊகித்தால் இப்படி ஆகாது. அவர்கள் எதையோ பார்த்திருக்கிறார்கள்.

அவர்கள் பார்த்தது ‘வேகம்’ என்ற சொல்லை. தமிழ்வழிப் பாடப்புத்தகத்தில் வேகம் வேறு, திசைவேகம் வேறு. வேகத்துக்கு அளவு மட்டும் உண்டு. திசைவேகத்துக்கு அளவும் திசையும் உண்டு. ஒரு பேருந்து மணிக்கு 40 கிலோமீட்டர் என்ற மாறாத வேகத்தில் நேர்சாலையில் போனால் அதன் மீது தொகுபயன் விசை இல்லை. அதே வேகத்தில் கொண்டை ஊசி வளைவில் திரும்பினால், வேகம் மாறாவிட்டாலும் திசை மாறுகிறது. திசை மாறினால் திசைவேகம் மாறுகிறது, அதற்கு விசை வேண்டும். கேள்வியில் பாதை நேரா வளைவா என்று சொல்லவே இல்லை. எனவே ‘கூற முடியாது’ என்பதுதான் நியாயமான விடை. ஆசிரியை மனதில் நினைத்தது திசைவேகம்; வீட்டில் பேசுகிற பழக்கத்தில் கை எழுதியது வேகம். “சீரா போனா விசை இல்ல” என்று வரியை மட்டும் மனப்பாடம் செய்தவர்களுக்கு மதிப்பெண் கிடைத்தது. சொல்லைக் கவனித்தவர்களுக்குப் போனது.

இப்போது விடைக்குறிப்பை ஈ என்று மாற்றி அதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நடுவில் உள்ள 18 பேரில் ஏழு பேர் ஈ எழுதியிருக்கிறார்கள். மொத்தம் 15 பேர். கடினத்தன்மைக் குறியீடு 0.375. வேறுபடுத்தும் குறியீடு, ஏழிலிருந்து ஒன்றைக் கழித்து 11-ஆல் வகுத்தால், 0.55. ஒரு நிமிடம் முன்பு தூக்கிப் போட வேண்டியதாகத் தெரிந்த கேள்வி, இந்தத் தேர்வின் நல்ல கேள்விகளில் ஒன்றாகிவிட்டது. கேள்வியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. விடைக்குறிப்பு மாறினால் மொத்த மதிப்பெண்ணும் மாறும், கட்டுகளில் ஒன்றிரண்டு பேர் இடம் மாறலாம். எனவே திருத்திய பிறகு ஒருமுறை முழுக்கணக்கையும் மீண்டும் போட்டுவிடுவது நல்லது.

இந்த வருஷத்து மதிப்பெண்ணை என்ன செய்வது? ஈ எழுதிய 15 பேருக்கு மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டும். அ எழுதிய 19 பேரிடமிருந்து பிடுங்குவது சரியில்லை. வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், குழப்பம் கேள்வியில் இருந்தது. இரண்டுக்கும் கொடுத்துவிட்டு, ஏன் என்று வகுப்பில் சொல்லிவிடுவதே மரியாதை. “கேள்வில நான் எழுதினது தப்பு” என்று ஓர் ஆசிரியர் சொல்வதால் அவர் மதிப்புக் குறையும் என்ற பயம் ஆசிரியர் அறைகளில் உண்டு. ஆனால் அந்தப் பதினைந்து பேருக்கும் கேள்வி தப்பு என்று ஏற்கெனவே தெரியும்.

8-வது கேள்வியிலும் விடைகளை எண்ணிப் பார்ப்பதில் லாபம் இருக்கிறது. கீழ் கட்டில் இரண்டு பேர் 1.5 என்று சரியாக எழுத, ஆறு பேர் 2 என்று எழுதியிருக்கிறார்கள். உராய்வை மறந்து, 20-ஐ 10-ஆல் வகுத்தவர்கள். மூன்று பேர் 2.5; உராய்வைக் கழிப்பதற்குப் பதில் கூட்டியவர்கள். ஆக, சிறப்பு வகுப்பில் இந்த ஒன்பது பேருக்கும் முழுப் பாடத்தையும் முதலிலிருந்து நடத்தத் தேவையில்லை. எந்த விசை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று படம் போட்டால் போதும். 0.5 என்ற விடையை 40 பேரில் ஒருவர்கூடத் தொடவில்லை. அது சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. நான்கு விடைக் கேள்வி உண்மையில் மூன்று விடைக் கேள்வியாகத்தான் நடந்திருக்கிறது. அடுத்த வருஷம் அந்த இடத்தில் 0.67 போடலாம். வகுத்தலைத் தலைகீழாக, நிறையை விசையால் வகுப்பவர்களுக்கு வரும் விடை அது. தவறான விடைகளை இப்படி மாணவர்கள் உண்மையிலேயே செய்யும் தவறுகளிலிருந்து எடுத்தால்தான் அவற்றுக்கு வேலை இருக்கும்.

ஷீட்டில் போடுவது எப்படி?

22 தாள்களைத் தரையில் பரப்பி, நோட்டில் கோடு போட்டு எண்ணினாலே போதும். செல்போனில் கூகுள் ஷீட்ஸோ கணினியில் எக்செல்லோ இருந்தால் இன்னும் சுலபம். முதல் வரிசையில் தலைப்பு. A பத்தியில் மாணவர் பெயர், B முதல் Z வரை 25 கேள்விகள். சரி என்றால் 1, தவறு என்றால் 0. விடையே எழுதாமல் விட்டாலும் 0. மொத்தம் AA பத்தியில் வரும். AA-வை வைத்து முழு அட்டவணையையும் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்திய பிறகு, மேல் 11 பேர் 2 முதல் 12 வரையிலான வரிசைகளிலும், கீழ் 11 பேர் 31 முதல் 41 வரையிலான வரிசைகளிலும் இருப்பார்கள்.

```
AA2:  =SUM(B2:Z2)
B43:  =AVERAGE(B2:B41)
B44:  =(SUM(B2:B12)-SUM(B31:B41))/11
```

முதல் சூத்திரத்தை AA41 வரை கீழே இழுக்க வேண்டும். மற்ற இரண்டையும் Z வரை பக்கவாட்டில் இழுத்தால், 43-வது வரிசையில் எல்லாக் கேள்விகளின் கடினத்தன்மையும், 44-வது வரிசையில் வேறுபடுத்தும் குறியீடும் வந்து நிற்கும். பலர் சறுக்குகிற இடம் வரிசைப்படுத்துவதில்தான். AA பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்த முயன்றால், அதில் இருப்பது சூத்திரம் என்பதால், ஆட்கள் வரிசை மாறாமல் பழைய இடத்திலேயே இருப்பார்கள். A முதல் AA வரை சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 44-வது வரிசையில் எல்லா எண்களும் மைனஸாக வந்தால் வகுப்பே தலைகீழாகிவிட்டது என்று பதற வேண்டாம். சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

ஐந்து மதிப்பெண் கேள்விகளுக்கும் இதே வழிதான். சராசரி மதிப்பெண்ணை 5-ஆல் வகுத்தால் கடினத்தன்மை. மேல் கட்டின் சராசரியிலிருந்து கீழ் கட்டின் சராசரியைக் கழித்து 5-ஆல் வகுத்தால் மற்றது.

எண்ணை எவ்வளவு நம்பலாம்?

ராபர்ட் ஈபல் என்ற அமெரிக்க அளவீட்டு அறிஞர் வகுத்த ஒரு படிநிலை பாடப்புத்தகங்களில் இன்றும் சுற்றி வருகிறது. 0.40-க்கு மேல் மிக நல்ல கேள்வி, 0.30 முதல் 0.39 வரை பரவாயில்லை, 0.20 முதல் 0.29 வரை திருத்தம் தேவைப்படலாம். அதற்கும் கீழே என்றால் மாற்று அல்லது நீக்கு. கைக்கு வசதியான அளவுகோல். ஆனால் 40 பேர் வகுப்பில் இதைக் கண்டிப்பாகப் பிடித்துக்கொள்வது அபத்தம்.

காரணம் எளிது. ஒரு கட்டில் 11 பேர்தான். ஒரே ஒரு மாணவி அன்று காய்ச்சலோடு வந்து ஒரு கேள்வியைத் தவறவிட்டால் குறியீடு 0.09 இறங்கிவிடும். 0.36 வாங்கிய ‘பரவாயில்லை’ கேள்வி 0.27-க்கு இறங்கித் ‘திருத்தம் தேவை’ ஆகிவிடும். ஒருவரால்! 11-வது இடத்திலும் 12-வது இடத்திலும் ஒரே மொத்த மதிப்பெண் வாங்கியவர்கள் இருந்தால், யாரை மேல் கட்டில் சேர்ப்பது என்பதே எண்ணை மாற்றும். 17-வது கேள்வியின் மைனஸ் 0.27-கூட மூன்றே பேர் வித்தியாசம்தான். அதைத் தனியாகப் பார்த்தால் தற்செயல் என்று தள்ளிவிடலாம். ஏழு பேர் ஒரே விடையில் போய் நின்றதும், கேள்வியைப் படித்ததும் காரணம் புரிந்ததும்தான் அதை உறுதியாக்கியது. ‘ஏ’ பிரிவுக்கும் அதே கேள்வித்தாள் என்றால் இரண்டு பிரிவையும் சேர்த்து 80 பேராகக் கணக்கிடலாம். எண் கொஞ்சம் நிதானத்துக்கு வரும்.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. வேறுபடுத்தும் குறியீடு ‘நல்ல மாணவர்’ என்று யாரைச் சொல்கிறது? இதே தேர்வில் அதிக மொத்தம் எடுத்தவரை. அதாவது, அது உண்மையில் கேட்பது ‘இந்தக் கேள்வி மற்ற 24 கேள்விகளோடு ஒத்துப்போகிறதா?’ என்பதை மட்டும்தான். அந்த 24-ம் புக் பேக் ஒன் வேர்டுகளாக இருந்து, மீதி ஒன்று யோசித்துப் போட வேண்டிய கணக்காக இருந்தால் என்ன ஆகும்? புக் பேக்கை முழுக்க உருப்போட்டவர்கள் மேல் கட்டில் இருப்பார்கள். யோசிக்கும் கணக்கை அவர்களில் சிலர்தான் போடுவார்கள். கீழ் கட்டிலும் சிலர் போடுவார்கள். அந்த ஒரே நல்ல கேள்விக்கு 0.09 என்று மோசமான எண் வரும். எண்ணை மட்டும் நம்பி அதை நீக்கினால், அடுத்த வருஷத் தேர்வு 25 புக் பேக் கேள்விகளாக இருக்கும், எல்லாவற்றுக்கும் அழகான எண் வரும். இப்படி வருஷா வருஷம் ‘தரம் உயர்த்தி’ ஒரு தேர்வைப் பாழாக்கவும் இந்தக் குறியீடு உதவும். அதனால்தான் குறைந்த எண் வந்த கேள்வியை நீக்கும் முன் மீதிக் கேள்விகள் எதைச் சோதிக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

சுலபமான கேள்விகளுக்கும் இந்தச் சலுகை உண்டு. விசையின் அலகு என்ன என்ற கேள்விக்கு 39 பேர் சரியாக எழுதுகிறார்கள். மேல் கட்டில் 11, கீழ் கட்டில் 10. குறியீடு 0.09. எல்லோரும் சரியாக எழுதினால் யாரையும் பிரித்துக்காட்ட வழியே இல்லை. ஆனால் பத்தாம் வகுப்பு மாணவர் எல்லோருக்கும் நியூட்டன் என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் ஆசிரியையின் நோக்கம் என்றால், அந்தக் கேள்வி தன் வேலையைச் செய்துவிட்டது. அது இருக்கட்டும்.

அடுத்த வருஷத்துக்கு

கணக்குப் போட்டதன் பலன் கிடைப்பது அடுத்த தேர்வில்தான். அதற்கு ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு குறிப்பு எழுதி வைக்க வேண்டும்: கேள்வி, எந்த வருஷம், எத்தனை பேர், இரண்டு குறியீடுகள், எந்த விடையை எத்தனை பேர் தேர்ந்தார்கள், என்ன மாற்றம் செய்யப்பட்டது. 17-வது கேள்விக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ‘சீரான திசைவேகத்தில்’ என்று மாற்றி, விடையை அ என்றே விட்டால், அது நியூட்டனின் முதல் விதியைச் சோதிக்கும். ‘சீரான வேகத்தில்’ என்று அப்படியே விட்டு, விடையை ஈ ஆக்கினால், வேகத்துக்கும் திசைவேகத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சோதிக்கும். இரண்டும் வெவ்வேறு கேள்விகள். முதல் வழியில் போனால் பழைய எண்களை அதன் மேல் ஒட்டக் கூடாது. புதுக் கேள்விக்குப் புதுக் கணக்குத்தான்.

இங்கே தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. கேள்வித்தாள் அண்ணனிடமிருந்து தம்பிக்கும், அங்கிருந்து டியூஷன் சென்டருக்கும், ஜெராக்ஸ் கடைக்கும் போய்விடும். உராய்வுக் கணக்கின் கடினத்தன்மைக் குறியீடு அடுத்த வருஷம் 0.475-இலிருந்து 0.85-க்கு ஏறினால் ஆசிரியை சந்தோஷப்படும் முன் அதே பாடத்தின் மற்ற கணக்குகளைப் பார்க்க வேண்டும். அவையும் ஏறியிருந்தால் பாடம் நன்றாக நடந்திருக்கிறது. பழைய கேள்வி மட்டும் ஏறியிருந்தால், “ஆன்சர் ஒன்னு புள்ளி அஞ்சு” என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதனால் நல்ல கேள்வியை வைத்துக்கொண்டாலும் எண்களை மாற்றிவிடுவது உத்தமம்: பெட்டி 8 கிலோகிராம், விசை 30 நியூட்டன், உராய்வு 6. விடை 3. உராய்வை மறப்பவருக்கு 3.75, கூட்டுபவருக்கு 4.5. தவறுகளுக்கான விடைகளும் கூடவே மாற வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

பள்ளி நிர்வாகத்துக்கு ஒன்று. இந்த எண்களைக் கேட்டு வாங்கத் தொடங்கியதும், கடினத்தன்மைக் குறியீடு குறைவாக உள்ள ஆசிரியரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்கிற ஆசை வரும். அப்படிக் கேட்டால் அடுத்த தேர்வில் எல்லோருடைய குறியீடும் 0.9-ஆக இருக்கும், எல்லாக் கேள்விகளும் நியூட்டன்தான் விசையின் அலகா என்று கேட்கும். ஆசிரியர்களிடம் கேட்க வேண்டியது இதை மட்டும்தான்: மைனஸில் வந்த கேள்விகள் எவை, அவற்றை என்ன செய்தீர்கள்? ஒரு தேர்வுக்கு இரண்டோ மூன்றோ இருக்கும். அவற்றுக்கு ஒரு பக்கம் எழுதினால் போதும்.

25 கேள்விகளுக்கு 40 பேரின் விடைகளை ஏற்றுவது 1,000 கட்டங்களில் தட்டச்சு செய்வது. முதல் முறை ஒரு மணி நேரத்துக்கும் மேலே ஆகலாம். விடுமுறையிலும் பயிற்சி வகுப்பு, கணக்கெடுப்பு என்று அலையும் ஆசிரியரிடம் இதையும் எல்லாத் தேர்வுக்கும் செய்யச் சொல்வது நியாயமில்லை. காலாண்டு, அரையாண்டுக்கு மட்டும் செய்தாலும் போதும். ஒரே கேள்வித்தாளை எழுதும் பிரிவுகளின் ஆசிரியர்கள் ஆளுக்கொரு கட்டாகப் பிரித்துக்கொள்ளலாம். அதுவும் முடியாத வருஷம், மேல் 11, கீழ் 11 தாள்களை மட்டும் கையால் எண்ணிவிட்டு, மைனஸ் வந்த கேள்விக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு குறி போட்டு, அந்தத் தாளைப் பீரோவில் வைக்கலாம். அடுத்த ஜூனில் யார் அந்தத் தாளை எடுத்தாலும், சிவப்புக் குறி அங்கே இருக்கும்.